பரிசு பிள்ளைக்கா, அம்மாவுக்கா?

எங்கள் குழுவில் ஒன்பது பேர். பிள்ளைப்பேற்று விடுப்பில் போன ஒருவர் 11 மாதங்களுக்குப் பிறகு ஒஸ்லோ அலுவலகத்துக்குத் திரும்பி வருகிறார் என்றதும், "பிள்ளைக்கு உடுப்பு வாங்குவோம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். இரவு யோசித்தபோதுதான் பிழை புரிந்தது. பிள்ளை பிறந்தபோதே உடுப்புக் கொடுத்துவிட்டோம். இப்போது வருவது பிள்ளையல்ல, அம்மா.

அவர் வரும்போது வீட்டில் அப்பாவின் முறை தொடங்குகிறது. நோர்வேயில் பெற்றோர் விடுப்பின் ஒரு பங்கு அப்பாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. முழு ஊதியம் எடுத்தால் 15 கிழமை. அதனால் பிள்ளை பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஆனால் 10 மாதப் பிள்ளை இன்னும் பால் குடிக்கும். பாலூட்டும் அம்மாவுக்குத் தேவையான நேரத்தைத் தொழிற்சூழல் சட்டம் தருகிறது: குறைந்தது நாளுக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலம், அல்லது வேலைநாளில் ஒரு மணித்தியாலம் வரை குறைப்பு. முதல் வருடத்தில், ஏழு மணித்தியாலமோ கூடவோ வேலை செய்யும் நாட்களில், ஒரு மணித்தியாலத்துக்குச் சம்பளமும் உண்டு.

சட்டம் இருந்தாலும், அந்த நேரத்தில் யாராவது கூட்டம் வைத்தால் வந்த முதல் கிழமையே "எனக்கு ஏலாது" என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆகவே எங்கள் முதல் பரிசு காசு செலவில்லாதது. அவரிடம் நேரத்தைக் கேட்டு, குழு நாட்காட்டியில் அதைப் பூட்டினோம். காரணம் எழுதவில்லை, "ஒதுக்கப்பட்டது" என்று மட்டும் போட்டோம்.

இரண்டாவது, இரண்டு பக்கக் குறிப்பு. 11 மாதத்தில் எது மாறியது, எதை நிறுத்தினோம், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று ஆளுக்கொரு பந்தி எழுதினோம். அவருடைய கணக்கு முடங்கியிருந்ததை முந்தின நாளே சோதித்துத் திறக்க வைத்தோம். இல்லாவிட்டால் முதல் நாள் முழுக்கக் கடவுச்சொல்லோடு போயிருக்கும்.

மூன்றாவதுதான் பொதி. எட்டுப் பேரிடம் விப்ஸில் காசு சேர்த்தோம், ஆளுக்கு 150 குரோனருக்கு மேல் வேண்டாம் என்று. யார் எவ்வளவு தந்தார் என்பது சேர்த்தவருக்கு மட்டுமே தெரியும். பகுதிநேரமாக வேலை செய்யும் மாணவர் சங்கடப்படக்கூடாது அல்லவா? சூடு ஆறாத கோப்பி குவளையும் புத்தகக் கடைப் பரிசு அட்டையும் வாங்கினோம். மசாஜ் அட்டையை விட்டுவிட்டோம். பால் கொடுக்கும் அம்மாவுக்கு மாலையில் இரண்டு மணித்தியாலம் எங்கிருந்து வரும்?

பொதியைத் திறந்து நன்றி சொன்னார். ஆனால் நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நாளைக்கு உங்கள் குழுவிலும் ஒருவர் திரும்பி வரலாம். கடைக்குப் போக முன்னம் அவருடைய முதல் நாளை மணித்தியாலம் மணித்தியாலமாக எழுதிப் பாருங்கள். எங்கே இடறுமோ, பரிசு அங்கேதான் இருக்கிறது.