கடைசிப் பல்லவியில் ஒரு சொல்

ஹாரி சாப்பின் என்ற அமெரிக்கப் பாடகரின் ‘கேட்ஸ் இன் த கிரேடில்’ 1974-இல் வெளிவந்த பாட்டு. அவர் மனைவி சாண்டி எழுதிய ஒரு கவிதையிலிருந்து உருவானது. அந்த ஆண்டு டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாட்டு எழுத ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களை முதலில் இதைக் கேட்கச் சொல்வேன்.

கதை சிறியது. வேலை வேலை என்று ஓடும் ஒரு தகப்பன். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று பிள்ளை கேட்கிறான். தெரியவில்லை, வந்ததும் சேர்ந்து இருப்போம் என்கிறான் தகப்பன். இந்தக் கேள்வியும் பதிலும்தான் பல்லவியின் உயிர். முதல் இரண்டு முறை ‘அப்பா’ என்று கூப்பிட்டுக் கேட்கிறான் பிள்ளை. பிறகு அவன் வளர்ந்து, கல்லூரியிலிருந்து வருகிறான். அப்பாவோடு உட்கார அவனுக்கு நேரமில்லை. கார் சாவிதான் வேண்டும். அடுத்து வரும் பல்லவியில் அப்பா என்ற சொல் இருந்த இடத்தில் மகன் என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேள்வி அதேதான், பதிலும் அதேதான். முன்பு கேட்டவன் இப்போது பதில் சொல்கிறான், பதில் சொன்னவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுமே ஓரசைச் சொற்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் மெட்டு துளியும் அசையாது. பல்லவியின் மற்ற வரிகள் குழந்தைப் பருவத்தை நினைவூட்டும் படிமங்கள். அவை கடைசிவரை அப்படியே நிற்கின்றன. நம்மைக் குத்துவது மாறாமல் நின்ற அந்தப் பதில்தான் என்று நினைக்கிறேன். தகப்பனின் பழைய சாக்கு, கிட்டத்தட்ட அப்படியே மகன் வாயிலிருந்து வருகிறது. சாப்பின் அங்கே இன்னொரு வரியையும் மாற்றியிருந்தால் அது ஒரு புதிய பல்லவி ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு சொல்லை மட்டும் மாற்றுவதைத் தமிழில் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் வினைமுற்றில் இடறுகிறார்கள். தமிழ் வினை, செய்தவர் யார் என்பதைத் தன் வாலிலேயே சொல்லிவிடும். ‘நான்’ என்பதை ‘நீ’ ஆக்கினால், வரியின் கடைசியில் உள்ள ‘பேன்’ ‘பாய்’ ஆக வேண்டும். ஒரு சொல்லைத் தொட்டால் இரண்டு சொல் மாறும். கேட்கிறவர் காதுக்கு அது வேறு வரியாகிவிடும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் பாடும் பாட்டு. முதல் சரணத்தில் மகள் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு வருகிறாள். இரண்டாம் சரணத்தில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறாள். மூன்றாம் சரணத்தில் தாயை அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகிறார்கள். பல்லவியின் முதல் வரியை இப்படித் தொடங்கலாம்:

விளக்கேற்றி வைப்பேன், நீ வரும் வரைக்கும்.

நல்ல வரிதான். ஆனால் மூன்றாம் சரணத்துக்குப் பிறகு ‘நீ’யை ‘நான்’ ஆக்கினால் கதை குழம்பும். ஊருக்குப் போகிறவளே விளக்கும் ஏற்றுவதாக ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட ‘வைப்பாய்’ என்று எழுத வேண்டி வரும், வரி கைவிட்டுப் போய்விடும். ஆகவே ஏற்றும் ஆளை வரியிலிருந்தே எடுத்துவிடுவோம். விளக்கையே எழுவாய் ஆக்குவோம்:

திண்ணையில் விளக்கெரியும், நீ வரும் வரைக்கும்.

இப்போது விளக்கை ஏற்றியவர் யார் என்று வரி சொல்லவில்லை. முதல் இரண்டு முறை கேட்கும்போது அது தாய்தான் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். கடைசியில்:

திண்ணையில் விளக்கெரியும், நான் வரும் வரைக்கும்.

விளக்கேற்றுகிறவள் இப்போது மகள். முன்பு தாய் கொடுத்த வாக்காக இருந்த ‘எரியும்’, இப்போது மகளிடம் அவள் வைக்கும் வேண்டுதலாக மாறுகிறது. திரும்பி வருவோமா என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. அதை நாம் எழுதவில்லை, எழுதவும் கூடாது. எரியும், இருக்கும், வேண்டும், போதும் போன்ற வினைகளில் தன்மை, முன்னிலை விகுதி கிடையாது. சொல் மாற்றப்போகும் வரிக்கு இவைதான் பொருத்தம்.

ஓசையையும் பார்க்க வேண்டும். ‘நீ’ தனி நெடில், நேரசை. ‘நான்’ நெடிலும் ஒற்றும், அதுவும் நேரசைதான். தத்தகாரம் மாறாது, பாடகர் அதே சுரத்தில் நிற்கலாம். அந்த இடத்தில் ‘அவள்’ என்று போட்டால் அது நிரையசை. ஒரு நீண்ட சுரத்தை இரண்டு குறிலாக உடைக்க வேண்டும், மெட்டு நொண்டும். ‘நீ’யும் ‘நான்’உம் ஒரே நகரத்தில் தொடங்குவதில் ஒரு லாபமும் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய சொல்லை எதிர்பார்த்த காதுக்கு முதல் ஒலி அதையே கொடுத்துவிட்டுப் பிறகு திரும்புகிறது என்பது லாபம். வாத்தியம் நிறைந்து ஒலித்தால் அந்தத் திருப்பம் காதிலேயே விழாது என்பது ஆபத்து. அந்தச் சொல் தாளத்தின் எடுப்பான இடத்தில் விழ வேண்டும். அதற்கு முன் தபேலா அரை நொடி விலகி நின்றாலும் போதும். அதற்கு மேல் அழுத்தம் கொடுத்தால், ‘இதோ பார்’ என்று கையை நீட்டிக் காட்டுவதுபோல ஆகிவிடும்.

வரி சரியாக இருந்தும் பாட்டு தோற்பது உண்டு. புதிய சொல்லை முதல் பல்லவியிலேயே வைத்துப் பாடிப் பாருங்கள். அங்கேயும் இயல்பாகப் பொருந்தினால் சரணங்கள் எதையும் நகர்த்தவில்லை என்று பொருள். நம் பாட்டில் முதலிலேயே ‘நான் வரும் வரைக்கும்’ என்று தாய் பாடினால், எங்கே போகிறாள் என்று நாம் விழிப்போம். அந்தத் திகைப்பு வந்தால் மூன்றாம் சரணம் தன் வேலையைச் செய்திருக்கிறது. பழைய வரி காதில் பதிந்திருப்பதும் அவசியம். மாற்றத்துக்கு முன் அதை இரண்டு முறையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். நம் சினிமாப் பாட்டுகளில் சரணத்துக்குப் பிறகு பல்லவியின் முதல் வரியோடு நிறுத்திவிடுவது வழக்கம். மாற வேண்டிய சொல் இரண்டாம் வரியில் இருந்தால் அது பாடப்படாமலே போகும்.

வரியை எழுதி முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் பாட்டை ஒரே ஒரு முறை பாடிக் காட்டிவிட்டு, கடைசியில் விளக்கை ஏற்றியது யார் என்று கேளுங்கள். மகள் என்று பதில் வந்தால் போதும். ‘நான்’ என்று மாறியதை அவர் கவனித்தாரா என்று கேட்க வேண்டியதில்லை.

இன்றைய ஒலிப்பதிவில் ஒரு பழக்கம் இருக்கிறது. பாடகர் பல்லவியை ஒரு முறை நன்றாகப் பாடிவிட்டால், அதையே நகலெடுத்து மற்ற இடங்களில் ஒட்டிவிடுகிறார்கள். நீங்கள் மாற்றி எழுதிய அந்த ஒரு சொல் அங்கேயே காணாமல் போய்விடும். பாட்டுத் தாளில் ‘பல்லவி’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். கடைசிப் பல்லவியை முழுதாக எழுதுங்கள், மாறிய சொல்லின் கீழ் கோடு போடுங்கள், அதைத் தனியாகப் பாடிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் அன்றைக்கு ஸ்டுடியோவில் கூடவே இருங்கள்.