'இன்னும் 15 நிமிடம்தான்!' - ஆஃபர் நிஜமாகவே முடிகிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

ஆடி பிறந்தால் புதுக்கோட்டை கீழ ராஜ வீதி ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி பேனர்கள் தொங்கும். ஆடியில் கல்யாண முகூர்த்தம் இல்லை, வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய ஸ்டாக் போக வேண்டும். விலை குறைய ஒரு காரணம் இருக்கிறது, முடிய ஒரு தேதியும் இருக்கிறது. ஆவணியில் பழைய விலை திரும்பினால், 'ஆடி வரை மட்டும்' என்ற விளம்பரம் நேர்மையானது. பேனரை மட்டும் மாற்றிவிட்டு அதே விலையில் விற்றால், அது பொய் அவசரம்.

கடைவீதியில் இதை எல்லோரும் பார்க்கலாம். செல்போனில் அப்படி இல்லை. '1,499 ரூபாய் சட்டை 599-க்கு, 15 நிமிடம்தான்' என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான ஆஃபர் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியும். போலிக் கடிகாரமோ நீங்கள் பக்கத்தைத் திறந்த நொடியில்தான் ஓட ஆரம்பிக்கும். நண்பருக்கு அதே லிங்க்கை அனுப்பிப் பாருங்கள். உங்களுக்கு 4 நிமிடம் மீதி இருக்கும்போது அவருக்கு 15 நிமிடம் காட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

'2 மட்டுமே பாக்கி' என்றால் கார்ட்டில் 5 போட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஏற்காவிட்டாலும் அது உண்மை என்று அர்த்தமில்லை, ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பாகவும் இருக்கலாம். அவசரம் இல்லையென்றால் மறுநாள் விலையைப் பார்ப்பதுதான் நல்ல சோதனை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்களை அறிவித்தது. அதில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் முதலில் இருப்பதே பொய் அவசரம்தான். இருப்பைக் குறைத்துச் சொல்வதும், இல்லாத கிராக்கியைக் காட்டுவதும் இதில் அடங்கும். 'இரண்டு அறைகள்தான் பாக்கி, 30 பேர் பார்க்கிறார்கள்' என்பது அதிலேயே தரப்பட்டுள்ள உதாரணம்.

ஆஃபருக்குக் கெடு வைப்பது தப்பில்லை. கெடு பொய்யாக இருப்பதுதான் தப்பு. ஆனால் பக்கத்தின் பின்னால் நிஜ ஸ்டாக் எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எனவே நிரூபிக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. எந்தத் தேதி, எத்தனை மணி வரை, அதற்குப் பிறகு என்ன விலை - இந்த மூன்றையும் விளம்பரத்திலேயே போடுவதில் நேர்மையான கடைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. விளம்பர வாசகம் எழுதுபவர்களும் இதைக் கேட்டு வாங்கிய பிறகே 'சீக்கிரம்!' என்று எழுத வேண்டும்.

ஏமாந்ததாகத் தோன்றினால் கடிகாரம், விலை, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுநாளும் ஒன்று எடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.