தீண்டாமைக்குச் சதவிகிதம் போடுவது எப்படி?

போன மாசம் பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் வடிந்து, தேரடி வீதியில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பேங்க் முடிந்து டீக்கடையில் நின்றவனிடம் மூன்று மாணவத் தோழர்கள் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே 200 படிவங்கள். பக்கத்துக் கிராமங்களில் ஊர்த்தெரு வீடுகளில் தீண்டாமை பற்றிக் கேட்டு நிரப்பியவை. "அண்ணா, நீங்க கணக்கு பாக்கறவர். பர்சன்டேஜ் போட்டு, படம் போட்டுத் தாங்க. நோட்டீஸ் அடிக்கணும்" என்றார்கள். நான் கவிதை எழுதுகிறவன் என்பது அவர்களுக்கு அன்றைக்கு ஞாபகமில்லை.

அந்த 200 படிவங்களோடு நான்கு ராத்திரி உட்கார்ந்திருந்ததால்தான் இதை எழுதுகிறேன். எண்களைக் கண்டால் ஒதுங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அனுபவம் போதும், சாட்சி போதும் என்கிறோம். ஆனால் எதிரே இருப்பவன் நம் சாட்சியை 'எங்கோ ஒரு சம்பவம்' என்று ஒதுக்கும்போது எண்ணைத் தேடி ஓடுகிறோம். ஓடிப்போய் எடுத்த எண் தப்பாக இருந்தால் சாட்சியும் சேர்ந்து விழுந்துவிடும்.

இந்தக் கேள்வியை நாடு முழுக்கக் கேட்டுப்பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. டில்லியின் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12இல் 42,000க்கு மேற்பட்ட வீடுகளில் நடத்திய இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு. அதில் இரண்டு கேள்விகள். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா? 'இல்லை' என்று சொன்னவர்களிடம் மட்டும் அடுத்தது: தாழ்த்தப்பட்ட சாதிக்காரர் உங்கள் சமையலறைக்குள் வருவதிலோ, பாத்திரத்தை எடுத்துப் புழங்குவதிலோ உங்களுக்குப் பிரச்சினை உண்டா? 27 சதவிகித வீடுகள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை பார்ப்பதாக முடிவு வந்தது. கிராமத்தில் 30, நகரத்தில் 20.

இரண்டாவது கேள்வி ஏன் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'நாங்க அதெல்லாம் பாக்கறதில்லப்பா' என்று சொன்ன வாயால்தான் தண்ணியைக் கையில் ஊற்றுகிறார்கள். தீண்டாமை என்ற சொல்லுக்குச் சட்டத்தின் வாசனை இருக்கிறது, அதனால் மறுப்பார்கள். சமையக்கட்டு என்றால் அவர்களுக்கு அது சட்டம் அல்ல, வீட்டுப் பழக்கம். அதனால் உண்மை வரும்.

நம் தோழர்களும் இதையே பின்பற்றி இரண்டு கேள்வி வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டாவதை 'சமையலறைக்குள் வரலாமா?' என்று மாற்றிவிட்டார்கள். படிவத்தில் ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. எக்செல்லில் ஏற்றிய தோழர் இரண்டு கேள்வியிலும் 1ஐ எண்ணிக் கூட்டிவிட்டார். பாருங்கள், முதல் கேள்வியில் 'ஆம்' என்றால் தீண்டாமை உண்டு. இரண்டாவதில் 'ஆம், வரலாம்' என்றால் தீண்டாமை இல்லை. திசையே எதிர்.

அந்தக் கிராமங்களின் உண்மையான எண்களை இங்கே தரப்போவதில்லை, காரணம் பின்னால் வரும். கணக்கு புரிவதற்காகச் சுலபமான எண்களை வைத்துக்கொள்வோம். 200 வீடு. முதல் கேள்விக்கு 40 பேர் 'ஆம்', 140 பேர் 'இல்லை', 20 பேர் பதில் சொல்லவில்லை. 'இல்லை' சொன்ன 140 பேரிடம் இரண்டாவதைக் கேட்டதில் 90 பேர் 'வரலாம்', 30 பேர் 'கூடாது', 20 பேர் மௌனம். இரண்டு இடத்திலும் 1ஐ எண்ணினால் 40ம் 90ம் 130, அதாவது 65 சதவிகிதம். நோட்டீஸுக்கு நல்ல எண்தான்! நம் பக்கம் சாய்கிற தப்பு என்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. ஆனால் இந்த 65க்குள் சமையலறையைத் திறந்துவிட்ட 90 வீடு தீண்டாமைக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. மூடிவைத்த 30 வீடு வெளியே தப்பித்துப் போயிருக்கிறது. நாளைக்கு எவனாவது ஒரு படிவத்தைப் பிரித்துப் பார்த்தால் போச்சு.

சரியான கணக்கு 40ம் 30ம் 70. ஆனால் 70ஐ எதால் வகுப்பது? இங்கேதான் பேங்க் குமாஸ்தா புத்தி வேலை செய்ய வேண்டும். 200ஆல் வகுத்தால் 35 சதவிகிதம். அப்படி வகுக்கும்போது மௌனமாக இருந்த 40 வீட்டையும் 'தீண்டாமை இல்லாத வீடு' என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். பதில் தெளிவாகத் தெரிந்த 160 வீட்டால் வகுத்தால் 44 சதவிகிதம். இதில் மௌனமானவர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. மௌனமானவர்கள் எல்லோருமே பார்க்கிறவர்கள் என்று வைத்தால் 110, அதாவது 55. ஆக, நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: 160 வீட்டில் 44 சதவிகிதம், 40 வீடு பதில் தரவில்லை, அவர்களைச் சேர்த்தால் 35க்கும் 55க்கும் இடையில் எங்கோ. ஒரே எண்ணாக இல்லாததில் தோழர்களுக்கு வருத்தம். ஆனால் இதை யாரும் உடைக்க முடியாது.

பதில் இல்லாத கட்டத்தை வெறுமனே விட்டுவைப்பதும் ஆபத்து. கேள்வியே கேட்கப்படாதவன் ஒருவன், கேட்டும் சொல்லாதவன் இன்னொருவன், கேட்க மறந்த நம் தோழர் மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டும். நான் 7, 8, 9 என்று கொடுத்தேன். கொடுத்த பிறகு, கேட்டவர் பெயர்வாரியாக ஒரு குறுக்கு அட்டவணை போட்டேன். இடப்பக்கம் கேட்ட தோழர்கள், மேலே பதில்கள். மௌனத்தில் பெரும்பகுதி ஒரே தோழரின் படிவங்களில் இருந்தது. விசாரித்தேன். அவர் அதே ஊரின் சேரிப் பையன். "என்னை வாசல்லயே நிக்கவெச்சிட்டாங்கண்ணா. ரெண்டாவது கேள்வியை எப்படிக் கேக்கறது?" என்றான். அந்த வெற்றுக் கட்டங்கள்தான் அந்த 200 படிவத்தில் ஆகப் பெரிய பதில். எந்தச் சதவிகிதத்திலும் அது வராது. வெளியூர்த் தோழர் கேட்ட வீடுகளையும் உள்ளூர்ப் பையன் கேட்ட வீடுகளையும் ஒரே குவியலில் கொட்டிச் சதவிகிதம் போடவும் கூடாது. அதனால்தான் எண்களைத் தரவில்லை. இரண்டு தெருவில் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வேலைக்கு ஆய்வுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சுத்தம் செய்தல்'. நமக்கு அந்தச் சொல்லோடு வேறு கணக்கு இருக்கிறது, போகட்டும். ஆனால் சுத்தம் என்ற பெயரில் எது கழுவப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கோயிலுக்குள் அனுமதி உண்டா என்ற கேள்விக்கு 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே கட்டம் வைத்திருந்தார்கள். பல படிவங்களில் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'யாரும் தடுக்கல, அவங்களே வர்றதில்ல.' ஏற்றிய தோழர் இதை 'உண்டு' என்று போட்டிருந்தார். தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று கலெக்டரும் போலீசும் துணைக்கு வந்த பிறகுதான் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலடி வைத்தார்கள். அதற்கு முந்தின நாள்வரை அவர்கள் வராமல் இருந்ததும் 'அவங்களே வர்றதில்ல' கணக்குதானா? அந்த ஓர எழுத்துக்கு நான் தனியாக 3 என்று எண் கொடுத்தேன். மூலப் படிவத்தை எரிக்காமல் வைத்திருந்தால்தான் இதெல்லாம் முடியும். வெறும் எக்செல் மட்டும் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

இனி சாதிவாரிக் கணக்கு. அந்த அகில இந்திய ஆய்வில் பார்ப்பனர் வீடுகளில் 52 சதவிகிதம், பிற்படுத்தப்பட்டோரில் 33, பார்ப்பனரல்லாத முன்னேறிய சாதிகளில் 24, பழங்குடியினரில் 22, தாழ்த்தப்பட்டோரில் 15. இடைநிலைச் சாதி மேடைகளுக்கு இந்த 52 ரொம்பப் பிடிக்கும். பார்த்தாயா, பண்ணுவது அவன்தான் என்று கைகாட்டலாம். ஆனால் இது ஒவ்வொரு சாதிக்குள்ளும் எத்தனை பேர் என்ற சதவிகிதம். தீண்டாமை பார்க்கிற வீடுகளில் யார் எத்தனை என்பது வேறு கேள்வி. 100 வீட்டில் பார்ப்பனர் வீடு 5, பிற்படுத்தப்பட்டோர் வீடு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5இல் 52 சதவிகிதம் என்றால் இரண்டரை வீடு. 40இல் 33 சதவிகிதம் என்றால் 13 வீடு. சேரிப்பையன் தினம் கடந்துபோகிற தெருவில் எது அதிகம்? இரண்டு சதவிகிதமும் உண்மைதான். 52ஐக் காட்டி 13 வீட்டை மறைப்பது அரசியல். அட்டவணையை அச்சிடும்போது சதவிகிதம் குறுக்கே போட்டதா, கீழே போட்டதா என்று எழுதாதவன் தூங்கிவிட்டான் அல்லது ஏமாற்றுகிறான்.

படம் போடுகிற விஷயத்திலும் ஒன்று. தோழர் ஒருவர் போட்ட பட்டைப் படத்தில் அடிக்கோடு 30இல் தொடங்கியது. 35க்கும் 44க்கும் உள்ள வித்தியாசம் ஆளுயரத்துக்கு நின்றது. பட்டை என்றால் சைபரில் தொடங்க வேண்டும், ஏனென்றால் கண் அதன் முழு நீளத்தைத்தான் படிக்கிறது. ஒரு தெருவில் 6 படிவம், அதில் 3 'ஆம்' என்று 50 சதவிகிதப் பட்டை போடுவதும் வேண்டாம். '6இல் 3' என்று எழுதினால் போதும்.

கடைசியாக அந்த 15. தாழ்த்தப்பட்டோர் வீடுகளிலும் 15 சதவிகிதம். இதை வைத்து 'உங்களுக்குள்ளேயே பார்க்கிறீர்களே' என்பவனுக்குப் பதில் தயாராக இருக்கிறது: மேலே இருக்கிற 33ஐயும் 52ஐயும் முதலில் பேசு. ஆனால் நமக்குள் பேச வேண்டியதை அந்தப் பதிலால் மூடக்கூடாது. தாழ்த்தப்பட்டோர் என்ற ஒரே கட்டத்துக்குள் பறையரும் பள்ளரும் அருந்ததியரும் புதிரை வண்ணாரும் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பிரிக்காமல் 15ஐ யார் யார்மீது காட்டுவது? நம் சேரித் துணியை வெளுக்கிற புதிரை வண்ணார் நம் அடுப்படிவரை வந்திருக்கிறாரா? என் அம்மா வீட்டில் வந்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்து வாசலோடு சரி.

தோழர்கள் தங்கள் படிவத்தைச் சேரியில் கேட்கவே இல்லை. "நம்மாளுங்ககிட்ட எதுக்குண்ணா? வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்றார்கள். ஒரு மணி நேரம் சண்டை. முடிவில், மறுபடி கேட்கப்போகிற அந்த இரண்டு தெருவோடு சேரியையும் சேர்ப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். உட்சாதி என்று ஒரு கட்டம், பதில் சொல்ல மறுத்தால் 8, 'வரலாமா'வுக்குப் பதில் 'வந்தால் பிரச்சினையா' என்று திருத்திய கேள்வி. முதல் படிவத்தை நிரப்புவது என் அம்மா வீட்டில்.