கிடைக்கும் தன்மைக்கு உட்பட்ட தமிழ்

தஞ்சைப் பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் பார்க்க வருகிறவர்களுக்காக விடுதிகள் வெளியிடும் தமிழ்க் குறிப்புகளில் ஒரு சொற்றொடர் நிலைபெற்றுவருகிறது: 'கிடைக்கும் தன்மைக்கு உட்பட்டது.' 'சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி' என்பதன் பிணம் இது. எழுத்துகள் தமிழ், எந்தத் தமிழரும் இப்படிப் பேசியதில்லை. அழகின்மை அதன் சிறிய குற்றம். பெரிய குற்றம், அது நம்பவைத்து ஏமாற்றுகிறது என்பதே.

'நண்பகலுக்கு முன்னரே அறை வழங்கப்படும் (கிடைக்கும் தன்மைக்கு உட்பட்டது)' என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரசில் வந்து, விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்கும் குடும்பம் இதை எப்படிப் படிக்கும்? 'வழங்கப்படும்' என்பது நம் காதில் அரசாணையின் வினை. உரிமையைத் தரும் வினை. வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது. அதன்பின் அடைப்புக்குள் வருவதை யாரும் நிபந்தனையாகக் கொள்வதில்லை, சம்பிரதாயமாகவே கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் நிபந்தனை வாலாக வரலாம். தமிழில் அது தலையில் வரவேண்டும்.

காவிரிப் படுகையில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2023-இல் அதே நாளில் திறந்தார்கள். நீர்வரத்து போதாமல் அக்டோபர் 10-இல் மூட நேர்ந்தது. 2024-இல் திறப்பதற்கே ஜூலை 28 ஆயிற்று. இப்படிப்பட்ட ஆற்றை நம்பி வாழ்கிறவர், 'தண்ணி வந்தா குறுவைக்கு நாத்து விடலாம். வரலேன்னா சம்பாதான்' என்கிறார். நிபந்தனை முதலில், அது நிறைவேறாவிட்டால் என்ன என்பது உடனடியாக அடுத்து. மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

விடுதியின் நடைமுறை தெரிந்தால் வாக்கியம் தானே அமையும். முந்தைய இரவு தங்கியவர் அறையைக் காலி செய்து, அதைச் சுத்தம் செய்த பிறகே அடுத்தவருக்குத் தர முடியும். ஆகவே: 'அறை அதற்குள் காலியாகி இருந்தால் மட்டுமே நண்பகலுக்கு முன் தர இயலும். காலையிலேயே உறுதியாக வேண்டுவோர் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.' துணிக்கடை விளம்பரத்தின் 'இருப்பு உள்ளவரை' நல்ல தமிழ்தான். ஆனால் அது தீர்ந்துபோகும் சரக்குக்குரியது. இரவுதோறும் நிரம்பிக் காலியாகும் அறைக்குப் பொருந்தாது.

'ஆன் ரிக்வெஸ்ட்' இன்னும் வழுக்கலானது. 'கோரிக்கையின் பேரில் கூடுதல் படுக்கை வழங்கப்படும்' என்றால் கேட்டால் கிடைக்கும், அதுவும் சும்மா கிடைக்கும் என்றே பொருள்படுகிறது. அதற்குத் தனிக்கட்டணம் உண்டென்றால் அதை அங்கேயே சொல்ல வேண்டும்: 'முன்கூட்டிக் கேட்க வேண்டும், கட்டணம் தனி.' அறைப்பதிவில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பயண முகவர் ஓர் அறையை 'ஆன் ரிக்வெஸ்ட்' என்று குறித்தால், விடுதி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதைக் 'கோரிக்கையின் பேரில் பதிவு' என்று எழுதுவது, பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது. 'விடுதியின் ஒப்புதல் வரவில்லை. அதுவரை அறை உறுதியில்லை' என்று எழுத என்ன தயக்கம்?

'காம்ப்ளிமென்டரி' என்பதைப் 'பாராட்டுச் சிற்றுண்டி' என்று ஆக்குகிறவர்களை விட்டுவிடுகிறேன். அது சிரித்துவிட்டுக் கடக்கும் பிழை. 'இலவசக் காலை உணவு' அப்படிக் கடக்கக் கூடியதல்ல. உணவின் விலை அறைக் கட்டணத்துக்குள் இருக்கிறது. எத்தனை பேருக்கு என்ற வரம்பும் இருக்கிறது. 'அறைக் கட்டணத்தில் இருவரின் காலை உணவும் அடங்கும்' என்பதே நேர்மையான வாக்கியம். உடன் வந்த மூன்றாமவர் உணவுமேசையில் பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டியிராது. (2011-இல் தமிழக அரசு 'இலவச'த்தை விட்டு 'விலையில்லா' என்ற சொல்லுக்கு மாறியது. அங்கே நோக்கம் பெறுகிறவரின் மானம். விடுதி அதை இரவல் வாங்கினால் மிஞ்சுவது வெறும் பூச்சு.)

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதே சட்டத்துக்குப் பாதுகாப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்கவில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி ஒன்றிய அரசு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கின்றன; முக்கியத் தகவலை மறைக்க அது பயன்படக் கூடாது என்கின்றன. தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஒரு குறிப்பு தமிழாகிவிடுமா? படிப்பவருக்கு விளங்காத நிபந்தனை மறைத்த நிபந்தனைதான்.

வாக்கியம் நீள்கிறது என்பது அடுத்த முறையீடு. நீளட்டும். அதற்கு முன் மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டு விடுதியின் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் பேசவேண்டும்: எது இருந்தால் தருவீர்கள், இல்லையென்றால் என்ன செய்வீர்கள், காசு யார் கொடுப்பது? பதில் சொல்ல அவர்களே தடுமாறினால், அந்த வரியைத் தாளிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாம்.