தாய் வேலைக்குப் போகும் நேரமும் காப்பகத்தின் கணக்கும்



மோதி பாக்கில் நம் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்பதில் சங்கத்தில் இருவேறு கருத்து இல்லை. கருத்து வேறுபாடு கணக்கில்தான் வருகிறது. "மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுவோம், 24 பிள்ளைகள், 24 ஆயிரம் ஆகிறது, அதற்குள் இரண்டு ஆயாக்களை வைத்து நடத்திவிடலாம்" என்று ஒரு சகோதரர் கமிட்டியில் எடுத்துச் சொன்னார். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் கணக்கைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார். வருமானத்திலிருந்து தொடங்கி ஆளைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் குறைவது குழந்தையின் பாதுகாப்பு. ஆகவே கணக்கைக் குழந்தையிலிருந்து தொடங்குவோம்.

24 குழந்தைகள் என்றே வைத்துக்கொள்வோம். அதில் எட்டுப் பேர் மூன்று வயதுக்குக் கீழ். மீதி 16 பேர் மூன்றிலிருந்து ஆறு. சிறு குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவர், பெரியவர்கள் இருபது பேருக்கு ஒருவர் என்று அளவு வைத்துக்கொண்டால், எட்டுக்கு ஒருவர், பதினாறுக்கு ஒருவர், ஆக இரண்டு பேர் போதும் என்று தோன்றும். 2017 இல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட தேசியக் காப்பகத் திட்டமும் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்றுதான் வைத்திருந்தது. ஆனால் அத்திட்டத்தில் காப்பகம் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருந்தால் போதும்.

நம் தாய்மார்களின் நேரம் அப்படியா இருக்கிறது? காலை ஆறரைக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கிளம்பினால், மூன்றாவது வீட்டை முடித்துத் திரும்ப நான்கு மணி ஆகிவிடுகிறது. ஆக ஒன்பதரை மணி நேரம். ரயில்வேயில் டியூட்டி ரோஸ்டர் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். எட்டு மணி நேரம் வேலை செய்பவரைக் கொண்டு ஒன்பதரை மணி நேரத்தை நிரப்ப முடியாது. இன்னொரு விதியையும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. எந்த நிமிடத்திலும் குழந்தைகளோடு குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினால் மற்ற 23 பேரோடு யார் இருப்பது?

ரோஸ்டரை எழுதிப் பாருங்கள். ஒரு காப்பாளரும் ஓர் ஆயாவும் ஆறரையிலிருந்து இரண்டரை வரை. இரண்டாவது காப்பாளரும் சமையலம்மாவும் எட்டிலிருந்து நான்கு வரை. காலையில் முதல் ஜோடி, மாலையில் இரண்டாம் ஜோடி, நடுவில் நால்வரும். அடுப்பின் முன் நிற்கும் வரை சமையலம்மாவைக் காவல் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாத்திரம் கழுவி முடித்தபின் சேர்க்கலாம். தலைக்கணக்குப்படி இரண்டு பேர் போதும், கடிகாரக் கணக்குப்படி நான்கு பேர் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் போட்ட பட்ஜெட் ஒரு மாதத்தில் உடைந்துவிடும்.

அடுத்தது சம்பளம். 2017 திட்டத்தில் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் மதிப்பூதியம். மதிப்பு என்ற சொல் அதில் எப்படி நுழைந்தது என்பது நமக்கு விளங்கவில்லை. எசமானியிடம் நியாயமான கூலி கேட்கும் நம் சங்கம், நம் வீட்டுப் பெண்ணையே பாதிக் கூலிக்கு அமர்த்தினால் எந்த முகத்தோடு பேசும்? டெல்லி அரசு 2025 ஏப்ரலில் அறிவித்த குறைந்தபட்சக் கூலியை எடுத்துக்கொள்வோம். காப்பாளர் இருவரையும் அரைத்திறன் பெற்றோராகக் கொண்டால் ஆளுக்கு 20,371; ஆயாவுக்கும் சமையலம்மாவுக்கும் ஆளுக்கு 18,456. நால்வருக்கும் சேர்த்து 77,654 ரூபாய். மாதம் ஆளுக்கு ஒருநாள் விடுப்பு கொடுத்தால் அன்று மாற்றாள் வேண்டும். நாள் கூலி 710 என்று நான்கு நாளுக்கு 2,840. ஆக 80,494. மாற்றாள் செலவைப் பலர் எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் யாருக்காவது காய்ச்சல் வரும் நாளில் காப்பகம் மூடிக் கிடக்கும். அன்று தாயும் வேலைக்குப் போக முடியாது.

உணவுக்கு வருவோம். காலையில் 150 மில்லி பால், மதியம் 75 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் பருப்பு, 50 கிராம் காய், கொஞ்சம் எண்ணெய், வாரத்தில் மூன்று நாள் முட்டை, மாலையில் சுண்டல். லிட்டர் பால் 60 ரூபாய், பருப்பு கிலோ 140, முட்டை 7 என்ற விலையில் பாலுக்கு 9, அரிசிக்கு 3.75, பருப்புக்கு 3.50, காய்க்கு 2, எண்ணெய்க்கு 80 காசு, முட்டைக்குச் சராசரி 3.50, சுண்டலுக்கு 2.50, கேஸ் மற்றும் மசாலாவுக்கு 3 ரூபாய் ஆகிறது. கூட்டினால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 28 ரூபாய். தேசியத் திட்டத்தில் இருந்தது 12 ரூபாய். அதில் பாலை ஊற்றினால் மீதி மூன்று ரூபாய், அரிசிக்கே பற்றாது.

பெயர் எழுதியவர் 24 ஆனாலும் தினம் வருவது சராசரி 20 என்று வைத்தால், 26 நாளுக்கு 520 சாப்பாடு, 14,560 ரூபாய். இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். சாப்பாட்டுச் செலவு வருகையோடு ஏறி இறங்கும். ஆள் செலவு இறங்காது. 24 பேருக்கு அரிசி போட்டு 18 பேர் வந்தால் வீண். காலை ஒன்பது மணிக்குக் கரும்பலகையில் எண்ணிக்கை எழுதி, அதைப் பார்த்த பிறகே சமையலம்மா அரிசி அளக்க வேண்டும். மாதக் கடைசியில் சாப்பாட்டுச் செலவை அந்தப் பலகைக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 28 என்பது 21 ஆகிவிட்டால் மகிழ வேண்டாம். விலை இறங்கினதா, பாலில் தண்ணீர் ஏறினதா என்று அன்றே கேளுங்கள்.

பாதுகாப்புக்குக் காசா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 2004 ஜூலை 16 இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகிப் போனதை யாரும் மறக்கவில்லை. சமையல் கூடத்து நெருப்பு ஓலைக் கூரையில் ஏறித்தான் அது நடந்தது. நம் இடத்தில் ஓலை இல்லை. ஆனால் ஒரே அறையில் அடுப்பும் தொட்டிலும் வைப்பதுண்டு. ஜனவரிக் குளிரில் அங்கீட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் உண்டு. அந்தப் புகையற்ற கரிநெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தூங்கும் குழந்தையை எழுப்பாமலே கொண்டுபோகும். ஆகவே சிலிண்டர் வெளியே, அடுப்பு தனி இடத்தில், குளிருக்கு மின்சார ஹீட்டர், மின்கசிவில் தானே அணையும் சுவிட்சு, தீயணைப்பான், வாசலில் கதவுத் தடுப்பு, நீர் வடிகட்டி, பாய்கள். இவற்றுக்கு முதலில் 54,000 ரூபாய் என்று மதிப்பிட்டு மூன்று ஆண்டில் பிரித்தால் மாதம் 1,500. சோப்பு, பினாயில், உப்புச் சர்க்கரைக் கரைசல், முதலுதவி மருந்து, ஆண்டுக்கொரு முறை தீயணைப்பானை நிரப்புதல், எல்லாம் சேர்த்து மாதம் 2,500. ஆக நாலாயிரம்.

வாடகை, மின்சாரம், தண்ணீருக்கு 15,000 என்று வைத்தோம். இடம் இலவசமாய்க் கிடைத்தாலும் அந்த எண்ணை எழுதியே தீர வேண்டும். இலவசம் எந்த மாதமும் நின்றுபோகலாம்.

மொத்தம் மாதம் 1,14,054 ரூபாய். ஓர் இடத்துக்கு 4,752.

இனி வரவு. ஆயிரம் ரூபாய் கட்டணம் வைத்தால் ஆண்டு முழுவதும் 24 ஆயிரம் வந்துவிடாது. மே, ஜூனில் பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். அந்த இரண்டு மாதமும் பாதிக் கட்டணம். மீதி பத்து மாதம் முழுதும். ஆண்டுக்கு 2,64,000. அதில் பத்தில் ஒரு பங்கு பாக்கி நிற்கும் என்று கொண்டால் 2,37,600, மாதச் சராசரி 19,800. ஊருக்குப் போன மாதங்களிலும் நால்வரின் சம்பளம் நிற்காது. ஆகவே பட்ஜெட்டை மாதத்துக்கல்ல, ஆண்டுக்கே போட வேண்டும்.

இந்த 19,800 இல் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சாப்பாடும் பாதுகாப்பும் சேர்த்து 18,560 ஆகின்றன. தாய்மாரின் கட்டணம் குழந்தையின் தட்டையும் வாசலையும் தாங்குகிறது. ஆள் சம்பளத்தையும் வாடகையையும் ஒருபோதும் தாங்காது. கட்டணத்தை மூவாயிரமாக்கினால் தாங்கும் என்று சொல்பவர், அவ்வளவு கட்டி வேலைக்குப் போவதைவிட வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு தாய் முடிவு செய்வதைப் பார்ப்பார்.

அப்படியானால் மீதி 94,254 ரூபாயை இப்போது யார் கட்டுகிறார்கள்? நம் வீதிகளில் போய்ப் பாருங்கள். பத்து வயது அக்கா பள்ளிக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்திருக்கிறாள். கட்டணம் அவளிடமிருந்தே பிடிக்கப்படுகிறது. ரசீது மட்டும் கொடுப்பதில்லை.

சட்டம் ஏன் உதவவில்லை என்றும் கேட்கலாம். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 1996 ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 2017 இல் திருத்திய பேறுகாலச் சட்டம் எல்லாமே ஒரே முதலாளியிடம் இத்தனை பேர் வேலை செய்தால் என்று தலையெண்ணித்தான் காப்பகம் கேட்டன. 1969 இல் ராஜ்காட் கட்டுமானத்தின் அருகே மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகமும் தொழிலாளர் கூட்டமாக இருந்த இடத்துக்கே போயிற்று. மூன்று வீட்டில் மூன்று எசமானிகளிடம் வேலை செய்யும் நம் பெண் எந்தத் தலையெண்ணிலும் வருவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது அரசிடம்தான். 2022 இல் மிஷன் சக்தியின் கீழ் பால்னா என்று பெயர் மாறிய காப்பகத் திட்டத்தில் இப்பகுதிக்கு ஓர் இடம் கேட்கும் மனுவோடு, திட்டத்தின் ஊதியத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை யார் தருவது என்ற கேள்வியையும் கேட்போம். உறுப்பினர் சந்தாவிலிருந்து அதை நிரப்பலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: ஆண்டுக்குப் பதினொரு இலட்சத்துக்கு மேல் ஆகிறது.

பணம் வரும்வரை எட்டிலிருந்து நான்கு வரை மட்டும் நடத்தலாமே என்றும் ஒரு யோசனை உண்டு. ஆயாவை விட்டுவிட்டு மூன்று பேரோடு ஓடும். மாதம் 18,456 மிச்சம். ஆறரைக்குக் கிளம்பும் தாய்க்கு அது பயன்படாது என்பதையும் தெரிந்துகொண்டு வாக்களியுங்கள். இன்னொரு யோசனை, சிறு குழந்தைகளைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது. பத்தாவது கைக்குழந்தை வரை ஒரு காப்பாளர் பார்ப்பார். பதினொன்றாவது குழந்தையின் கட்டணம் ஆயிரம். அதற்காக வரவேண்டிய ஆளின் சம்பளம் 20,371. ஆகவே பதிவேட்டில் கைக்குழந்தைப் பக்கம் பத்துக் கோடுகளோடு முடியும். அடுத்த பெயர் காத்திருப்போர் தாளில் போகும், அது செயலாளரின் பேத்தியானாலும் சரி.

பொதுக்குழுவில் இந்த எண்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். பால் விலையோ வாடகையோ தவறு என்று தெரிந்தவர்கள் பில்லோடு வாருங்கள், திருத்திக்கொள்வோம். தாய்மார்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்து வந்தால், ரோஸ்டரை அன்றே முடித்துவிடலாம்.