கெஞ்சவும் வேணாம், மிரட்டவும் வேணாம்: ஒரு ரிலீவிங் லெட்டர் கதை

ரிலீவிங் லெட்டர் கேட்டா உடனே ரெண்டு விதமான அறிவுரை வந்துடும். "கொஞ்சம் பணிஞ்சு போப்பா, அவங்க கையிலதானே இருக்கு" என்பது ஒண்ணு. "வக்கீல் நோட்டீஸ் விடு மச்சி, அலறிடுவானுங்க" என்பது இன்னொண்ணு. ரெண்டுமே தப்புங்கறதுதான் என் கட்சி. ரெண்டிலயுமே, நடந்த ஒரு விஷயத்தை எழுதிக் கொடுக்கிற காகிதத்தை அவங்க போடுற பிச்சையா நாமளே ஒத்துக்கறோம்.

என் கதையைச் சொல்றேன். செங்கல்பட்டுல வீடு, பரனூர் ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சா ஆபீஸ். மூணு வருஷம் பொட்டி தட்டின கம்பெனி. பேர் வேண்டாம். 2025 ஜூன் 2-ஆம் தேதி ராஜினாமா மெயில் அனுப்பினேன். நோட்டீஸ் 60 நாள். ஜூன்ல 29, ஜூலைல 31, எண்ணிப் பாருங்க, சரியா 60. ஹெச்.ஆர். அனுப்பின பதில் மெயில்லயும் கடைசி நாள் ஜூலை 31-னுதான் இருந்துச்சு. நடுவுல அப்பாவோட கண் ஆபரேஷனுக்கு 9 நாள் லீவு. மேனேஜர் ஒப்புதல் கொடுத்த மெயில்ல, கடைசி நாள் தள்ளிப்போகும்னு ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 31 சாயங்காலம் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைச்சு கையெழுத்து வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு ஹெச்.ஆர்.கிட்ட இருந்து போன். "லீவு எடுத்த 9 நாள் நோட்டீஸ்ல சேராது. அதுக்கான 16,200 ரூபாயைக் கட்டுங்க, அப்புறம்தான் லெட்டர்."

புதுக் கம்பெனியில ஆகஸ்ட் 4-ஆம் தேதி சேர்ந்தாச்சு. ரிலீவிங் லெட்டர் கொடுக்க 45 நாள் அவகாசம், அதாவது செப்டம்பர் 18. இந்தத் தேதி அவங்களுக்கும் தெரியும். அதுதான் பிடி.

இப்ப கணக்கைப் பாருங்க. என் மாசச் சம்பளம் 54,000. முப்பதால வகுத்தா நாளுக்கு 1,800. ஒன்பது நாளைக்கு 16,200. சரி, அவங்க சொல்றதுதான் நியாயம்னே வச்சுக்குவோம். ஜூலை மாசச் சம்பளம் 54,000 அவங்ககிட்டயே நிக்குது! கழிச்சா மிச்சம் 37,800 எனக்குத்தான் வரணும். அவங்க கட்சியை முழுசா ஒத்துக்கிட்டாலும் கடன்காரன் நான் இல்லை.

அதனால நான் எழுதின கடிதத்துல முதல் வேலையா ரெண்டையும் பிரிச்சேன். பணத் தகராறு ஒரு பக்கம், காகிதம் இன்னொரு பக்கம். ஆங்கிலத்துல அனுப்பினேன், தமிழ்ல இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், தங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, தாங்கள் ஏற்றுக்கொண்டபடி 31 ஜூலை 2025 அன்று விடைபெற்றேன். தங்கள் மெயிலையும், பொருட்களை ஒப்படைத்த ரசீதையும் இணைத்துள்ளேன். இரண்டு ஆவணங்கள் வேண்டும். ஒன்று, சேர்ந்த தேதி, கடைசி தேதி, பதவி குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழ். இரண்டு, பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம். 9 நாள் விடுப்பு குறித்த தங்கள் கணக்கை நான் ஏற்கவில்லை. ஆனாலும், அந்தத் தொகையைத் தாங்கள் இறுதிக் கணக்கில் கழித்தால், என் மறுப்பு நிலுவையில் இருக்கும் என்ற குறிப்போடு, அதன் பொருட்டு ஆவணங்கள் தாமதமாக வேண்டியதில்லை என்று கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் 29-க்குள் அனுப்பி உதவுங்கள். இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். தங்கள் நிறுவனத்தில் கற்றவற்றுக்கு நன்றி."

அவ்வளவுதான். பதவி, பணியாளர் எண் மேலே. என் சொந்த மெயில்ல இருந்து ஹெச்.ஆர்.க்கும் மேனேஜருக்கும் ஆகஸ்ட் 18-ஆம் தேதி போச்சு. அதே கடிதம் ரெஜிஸ்டர்டு தபால்லயும் போச்சு. (அப்புறம் 2025-லயே அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துடுச்சு.)

இதுல முக்கியமான வரி கடைசிக்கு முந்தினது: காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். போன்ல "பணம் கட்டு" என்பது சுலபம். "இவர் சம்பளத்தை நாங்க வச்சிருக்கோம், ஆனாலும் இவர் எங்களுக்குப் பணம் கட்டணும்"னு லெட்டர்பேடுல எழுதி யார் கையெழுத்துப் போடுவாங்க? திட்டி எழுதியிருந்தா என் திட்டுக்குப் பதில் சொல்லிட்டுப் போயிருப்பாங்க. மரியாதையா எழுதினதால பதில் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சுச்சு.

"கம்பெனிக்கும் நஷ்டம் இருக்குல்ல?" என்பீங்க. இருக்கலாம். அதுக்குச் சட்டத்துல வழியும் இருக்கு. விஜயா வங்கி வழக்கு ஞாபகம் இருக்கா? மூணு வருஷத்துக்கு முன்னாடி விலகினா 2 லட்சம் கட்டணும்னு நிபந்தனை. ஒரு அதிகாரி 2017-ல விலகினார், எதிர்ப்பைப் பதிவு பண்ணிட்டுப் பணத்தைக் கட்டினார், வேற வங்கியில சேர்ந்தார், அப்புறம்தான் கோர்ட்டுக்குப் போனார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, நிபந்தனை செல்லும்னு சொல்லிடுச்சு. முதலாளி ஜெயிச்ச வழக்குதான். ஆனா எப்படி ஜெயிச்சாங்க? நிபந்தனையை எழுத்துல வச்சு, கோர்ட்ல வாதாடி. அந்த எட்டு வருஷமும் மனுஷன் வேற வேலை பார்த்துக்கிட்டுதான் இருந்தார். உண்மையா பாக்கி இருந்தா கேட்க இடம் இருக்கு. ஒருத்தன் மூணு வருஷம் உழைச்சான்ங்கற உண்மையைப் பணயக் கைதியா பிடிக்கத் தேவையில்லை.

சம்பளத்தை முடக்குறதுக்கும் இப்ப முட்டுக்கட்டை இருக்கு. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா பண்ணினவருக்கும் ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளப் பாக்கி தரணும். இன்னைக்கு எழுதினா இந்த வரியையும் சேர்த்திருப்பேன்.

கடிதம் வராமலே போனா? பி.எஃப். தளத்துல நம்ம சேவை விவரம் இருக்கு. கடைசிச் சந்தா போட்டு ரெண்டு மாசம் கழிச்சு, Manage பகுதியில Mark Exit போய் நாமே விலகின தேதியைப் பதிய முடியும். ஃபார்ம் 16-ம் சம்பளம் கொடுத்தது யாருன்னு காட்டும். புதுக் கம்பெனி ஹெச்.ஆர்.கிட்ட அவகாசம் வாங்க இது உதவும். ஆனா அதுல பதவியும் இருக்காது, செஞ்ச வேலையும் இருக்காது. அதனால இது ஊன்றுகோல்தான், கால் இல்லை.

பணிஞ்சு போனா என்ன ஆகும்னும் பார்த்துட்டேன். மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர் ரிசார்ட் ஒண்ணுல கிச்சன்ல இருந்த நண்பன், வளைகுடா வேலைக்காக நாலு தடவை நடந்து, கெஞ்சி ஒரு சான்றிதழ் வாங்கினான். மூணு வருஷ வேலைக்கு "ரெண்டு வருஷம்"னு போட்டிருந்துச்சு. கெஞ்சி வாங்கினதைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க அவனுக்கு வாய் வரலை. அதோடயே விண்ணப்பம் போட்டான்.

எனக்கு ஆகஸ்ட் 27-ஆம் தேதி ரெண்டு லெட்டரும் மெயில்ல வந்துச்சு. வாங்கின உடனே பேர், ரெண்டு தேதி, பதவி, எல்லாம் எழுத்தெழுத்தா சரிபார்த்தேன். 37,800 மறுவாரம் கணக்குல ஏறுச்சு. அந்த 16,200? அதுக்கு இன்னும் மெயில்ல மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருக்கேன். மரியாதையா.