புத்தகச் செய்தியில் புத்தகம் எங்கே?

சில மாதங்களுக்கு முன் மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பி என்னைப் பார்க்க செங்கல்பட்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருஷமாக உளி பிடித்த கை. அந்தக் கையால் பதினோரு சிறுகதைகள் எழுதி, சொந்தக் காசைப் போட்டு 300 பிரதி அச்சடித்துவிட்டார். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை. "சார், பேப்பருக்கு ஒரு நியூஸ் எழுதித் தாங்க. நீங்க ஆபீஸ்ல எழுதின ஆளு" என்றார்.

ஆபீஸில் எழுதினவன் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். நான் வேலையில் இருந்தபோது சக ஊழியர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு இப்படி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். யார் தலைமை, யார் முன்னிலை, யார் வரவேற்பு, யார் முதல் பிரதியை வெளியிட யார் பெற்றுக்கொண்டார், யார் நன்றி கூறினார் என்று பதவி வரிசை பிசகாமல் எழுதியிருந்தேன். புத்தகத்தின் பெயரும் விலையும் கடைசிப் பத்தியில். மறுநாள் ஆறு வரி வந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்பு எல்லாம் இருந்தன. புத்தகத்தின் பெயர் இல்லை. எழுதியவரை "நூலாசிரியர்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் கூசும்.

பத்திரிகையைக் குறை சொல்ல முடியாது. மாவட்டப் பக்கத்தில் இடம் குறைந்தால் உதவி ஆசிரியர் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார். நிதானமாகப் படித்து நடுவில் எடுக்க அவருக்கு நேரம் கிடையாது. நான் எழுதியதோ கோப்புக் குறிப்பு மாதிரி. பொருள், பார்வை, முன்வரலாறு, விதி, கடைசியில்தான் ஆணை. எழுத்தராக இருந்தவர்களுக்கு இது தெரியும். கோப்பில் உயிர் கடைசி வரியில் இருக்கும். செய்தியில் அது முதல் வரியில் இருக்கவேண்டும். எங்கள் பழக்கம் அப்படியே தலைகீழ்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் செய்தியின் தலையில் வரும் பத்திக்கு 'ஷப்போ' என்று பெயர், அதாவது தொப்பி. தொப்பியை மட்டும் படித்தாலே விஷயம் விளங்கிவிடவேண்டும். புது நூல் அறிவிப்புக்கும் அங்கே தனிப் பெயர் உண்டு. 'பிரியேர் தின்ஸெரே', 'தயவுசெய்து பிரசுரிக்கவும்' என்று பொருள். பதிப்பாளர்கள் ஒரு சின்னத் துண்டுத்தாளில் நூலைப் பற்றிச் சில வரிகள் அச்சடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார்கள். இன்றைக்குப் பின்னட்டையில் வரும் வாசகம் அந்தத் துண்டுத்தாளிலிருந்து வந்ததுதான். சின்னத்தாள் என்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டு பக்கம் இல்லை.

சிற்பியிடம் ஏற்கெனவே ஒரு வரைவு இருந்தது. யாரோ ஒரு கவிஞர் எழுதிக் கொடுத்தது. "கல்லில் கவி வடிக்கும் காவியச் சிற்பியின் காலத்தால் அழியாத படைப்பு" என்று ஆரம்பம். நான் பேனாவை எடுத்து அடித்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "சார், நல்லா இருக்குன்னு சொல்லவேண்டாமா?" என்றார். சொல்லலாம், ஆனால் நாம் சொல்லக்கூடாது என்றேன். நம்மைப் பற்றி நாமே எழுதிய புகழ்ச்சி எந்த மேசையில் விழுந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான். அடிபடாவிட்டால் இன்னும் மோசம், படிக்கிறவர் விளம்பரம் என்று தாண்டிப் போய்விடுவார்.

அவரைத் தேற்ற ஒரு கதை சொன்னேன். மார்செல் ப்ரூஸ்ட் தம் பெரிய நாவலின் முதல் பாகத்தை 1913இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். மறு வருஷம், தம் நூலைப் புகழும் குறிப்பு 'ஃபிகாரோ'வில் வர 300 பிராங்க் கொடுத்தார். இன்னொரு பத்திரிகைக்கு 660. வாசகத்தில் தம் கையெழுத்து தெரியாதபடி தட்டச்சு செய்து அனுப்பவும் சொன்னார். அந்தக் கடிதங்கள் 2017இல் வெளியே வந்தன. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அந்த ஆசை இருந்தது. ஆனால் அந்தக் காசுக் குறிப்புகளால் அவர் நிற்கவில்லை. நம்மூரிலும் "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. விளம்பரம் வேண்டுமானால் ரசீது வாங்கிக்கொண்டு விளம்பரமாகப் போடட்டும். செய்திக்குக் காசு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கடைசியில் முதல் வாக்கியம் இப்படி அமைந்தது: "மாமல்லபுரத்தில் 30 ஆண்டுகளாகக் கல் செதுக்கிவரும் இன்னார் எழுதிய முதல் நூலான இன்ன சிறுகதைத் தொகுப்பு, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு இன்ன இடத்தில் வெளியிடப்படுகிறது." இதற்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினாலும் செய்தி நிற்கும். இரண்டாம் பத்தியில் கதைகள் எதைப் பற்றி: சிற்பக்கூடங்கள், வேலை கற்க வந்த பையன்கள், முடிக்காமல் நின்ற ஒரு சிலை. மூன்றாவதில் பக்கம், விலை, எங்கே கிடைக்கும், தொலைபேசி எண். தலைமையும் முன்னிலையும் நான்காவதில். வெட்டட்டுமே.

ஒரே இடத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒரு கதை கல் தூசியால் நெஞ்சு கெட்டு இறந்த தகப்பனைப் பற்றியது. அது அவருடைய அப்பாதான். அதை இரண்டாம் வரியில் போட்டால் எந்த நிருபரும் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கதையில எழுதினேன் சார், அது வேற. பேப்பர்ல வேண்டாம். அம்மா இருக்காங்க" என்றார். எடுத்துவிட்டேன். செய்தி கொஞ்சம் சப்பென்று ஆனது உண்மை. ஆனாலும் எதைச் சொல்லலாம் என்பது எழுதியவரின் உரிமை. செய்தி எழுதிக் கொடுப்பவனுக்கு அதில் பங்கில்லை.

அனுப்புவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் பழக்கதோஷத்தில் வானவில் எழுத்துருவில் அடித்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கன்னாபின்னா என்று தெரியும். என் பேரன் தன் கைப்பேசியில் திறந்து காட்டியபிறகுதான் உறைத்தது. யூனிகோடில் மறுபடி அடித்து, மின்னஞ்சலின் உடம்பிலேயே ஒட்டி, விழாவுக்கு நான்கு நாள் முன்பே அந்தப் பகுதி நிருபருக்கு அனுப்பினோம். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பவேண்டும். இதுவும் பேரன் சொன்னதுதான்.

சனிக்கிழமை காலை வந்தது. ஐந்து வரி. நான்காம் பத்தி முழுவதும் போயிருந்தது. அவர் பெயரும் புத்தகத்தின் பெயரும் விலையும் எண்ணும் இருந்தன. தலைமை தாங்க இருந்தவர் மட்டும் என்னைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார்.

அன்றைக்குச் சிற்பிக்கு ஒன்பது அழைப்பு வந்ததாம். ஆறு பேர் புத்தகம் கேட்டார்கள். இரண்டு பேர் சும்மா பேசினார்கள். ஒருவர் திருப்போரூரிலிருந்து, "கதையெல்லாம் இருக்கட்டும் தம்பி, ரெண்டடியில ஒரு பிள்ளையார் செய்ய எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளையாரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வைக்கோல் சுற்றின கட்டோடு ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாராம்.